நடந்து வந்தார் என்பதால் கழுத்துக் காலரைக் கழற்றலாமா?

இப்படி வைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தில் 71 வயதுப் பாட்டி ஒருவர், மழையில் நனைந்த முன்வாசலில் வழுக்கி முகம் குப்புற விழுகிறார். நெற்றியில் வீக்கம். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு நடந்தே வருகிறார். கழுத்து அசையாமலிருக்கக் காலர் மாட்டுகிறோம். "கழுத்து லேசா பிடிச்சிருக்கு டாக்டர். ரெண்டு கையும்தான் தீயா எரியுது" என்கிறார்.

"சமதரையில்தான் விழுந்தார், நடக்கிறார், தலையைத் திருப்பச் சொல்லிப் பார்ப்போம்" என்று தொடங்குவதே முதல் தவறு. கழுத்தில் அடிபட்டவருக்கு ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய உதவும் கனேடியன் சி-ஸ்பைன் விதியில் கேள்விகளுக்கு வரிசை உண்டு. வயது 65 அல்லது அதற்கு மேலா? விபத்தின் விதம் ஆபத்தானதா? கை கால்களில் மரமரப்பு, எரிச்சல் உண்டா? ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் நேராக ஸ்கேன்தான். நடந்தாரா என்பது அதற்கு அடுத்த படி. தலையை இருபுறமும் 45 பாகை திருப்பச் சொல்வது கடைசிப் படி. பாட்டிக்கு முதல் படியிலேயே இரண்டு 'ஆம்'. அவர் கழுத்தைத் திருப்பச் சொல்லவே கூடாது.

அதே முடிவுக்கு உதவும் நெக்சஸ் விதியைக் கையாண்டாலும் இங்கே வழுக்கலாம். அதன் ஐந்து நிபந்தனைகளில் நான்கு பாட்டிக்குப் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம்: கழுத்தின் நடுக்கோட்டில் அழுத்தினால் வலி இல்லை, நினைவு தெளிவு, போதை இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயமும் இல்லை. ஐந்தாவது, நரம்புக் குறைபாடு. காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதிவிடுவோம். முதியவர்களின் கழுத்தில் தேய்மானத்தால் தண்டுவடக் குழாய் ஏற்கெனவே குறுகியிருக்கும். நெற்றி மோதிக் கழுத்து பின்னால் மடங்கும்போது, எலும்பு முறியாமலேயே தண்டுவடம் நசுங்கிவிடும். அப்போது கால்களைவிடக் கைகளே அதிகம் பாதிக்கப்படும். அதனால்தான் நடக்க முடிகிறது. நம் இரண்டு விரல்களை இறுகப் பிடிக்கச் சொன்னால், பிடி தளர்ந்திருப்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது எக்ஸ்ரேயோடு நிறுத்துவது. தேய்ந்த எலும்பில் முறிவு ஒளிந்துகொள்ளும். தோள் மறைப்பதால் கழுத்தின் அடிப்பகுதியும் சரியாகத் தெரியாது. இந்த வயதில் முதல் தேர்வு சி.டி.தான். மறுபக்கம், விதிகளின்படி எந்த ஆபத்துக் குறியும் இல்லாத இளைஞருக்கு எந்தப் படமும் வேண்டாம். தைராய்டுக்கு வீண் கதிர்வீச்சு எதற்கு?

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கடைசித் தவறு: பாட்டியின் சி.டி.யில் 'முறிவு இல்லை' என்று வந்ததும் வீட்டுக்கு அனுப்புவது. சி.டி. எலும்பை நன்றாகக் காட்டும். தண்டுவட வீக்கத்தையும் தசைநார்க் கிழிவையும் அதை நம்பி இல்லையென்று சொல்ல முடியாது. கை ஏன் எரிகிறது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லையே. காலரைக் கழற்றாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத மருத்துவமனையென்றால், வசதி உள்ள இடத்துக்கு அன்றே மாற்ற வேண்டும். அதுவரை ரத்த அழுத்தம் இறங்க விடக்கூடாது. அடிபட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் சேதம் கூடும். எம்.ஆர்.ஐ.யை நாள்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. முதியவர்களின் தோலில் காலர் அழுத்திப் புண்ணாகும், விழுங்குவதும் சிரமமாகும்.