மாதுங்காவிலிருந்து ஒரு தமிழ்ச் சமையல் பக்கம்: இன்சைட்ஸ் பார்த்து மாற்றியவை

மும்பையின் மாதுங்காவிலிருந்து இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல்ஸ் போடுகிறேன். பாலோயர்கள் கூடினாலும் புதுப் பதிவுகளைப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பகுதியான இன்சைட்ஸில், பாலோயர்களின் ஊர்ப் பட்டியலில் சென்னைதான் முதலிடம். ஆனால் பதிவு யாரைச் சென்றடைந்தது என்ற பட்டியலில் மும்பை, நவி மும்பை, தானே முன்னால் நின்றன, வயதும் 18-24. இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

மொழியை அந்தப் பட்டியல்கள் சொல்லாது. அதற்குக் கமெண்ட்டுகளைப் படித்தேன். பல பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள்; இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ் புரியும், வாசிக்க வராது. அதனால் பேச்சைத் தமிழிலேயே வைத்து, திரையில் வரும் எழுத்தை மட்டும் ஆங்கிலமாக்கினேன். தலைப்பும் விருந்துச் சமையலிலிருந்து ஹாஸ்டல் அறையில், ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்யும் ரசம், புளிக்காய்ச்சல் என்று மாறியது.

எந்த நேரத்தில் அதிகம் பேர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள் என்று சொல்லும் இன்சைட்ஸ் பட்டைகள் பாலோயர்களை மட்டுமே காட்டும், புதியவர்களை அல்ல. என் பக்கத்தில் உச்சம் இரவு 9 மணி. நான் 8 மணிக்கே போடுகிறேன். லோக்கல் ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் பார்த்துவிடுகிறார்கள். சேவ், ஷேர் இரண்டும் ஏறின. நேரத்தை மாற்றியதைவிடத் தலைப்பை மாற்றியதே அதற்குக் காரணம் என்று நம்புகிறேன், ஏனென்றால் பழைய வகை ரீலை 8 மணிக்குப் போட்டாலும் அது நகரவில்லை.