ஓட்டைத் தாங்கிக் கணக்கு: பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள்

உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வளவில் 1200 லீற்றர் சீமெந்துத் தாங்கி. கிணற்று மோட்டரை மட்டும் போட்டால் 3 மணித்தியாலத்தில் நிரம்பும், சபைத் தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்துவிட்டால் 6 மணித்தியாலம் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாக விட்டால் எவ்வளவு நேரம்? இதைத் தரம் 11 வகுப்பில் கேட்டுப் பாருங்கள், யாராவது 9 என்பார்கள், அதைவிட நிறையப் பேர் நாலரை என்பார்கள். 9 என்றால் இரண்டு பக்கத்தாலும் தண்ணீர் வர வர நேரம் கூடுகிறது என்று அர்த்தம். நாலரை கொஞ்சம் நியாயமான விடை மாதிரித் தெரியும், ஆனால் மோட்டர் தனியாகவே மூன்றில் முடிக்கிற வேலைக்குத் துணைக்கு ஒரு குழாயும் வந்த பிறகு ஏன் நாலரை ஆக வேண்டும்?

நேரத்தோடு நேரத்தைக் கூட்டுவதுதான் இங்கே முதல் பிழை. கூட்டக்கூடியது ஒரு மணித்தியாலத்தில் நடக்கிற வேலையை மட்டும். மோட்டர் மணிக்கு 400 லீற்றர், குழாய் 200, சேர்த்து 600, ஆகவே 1200 லீற்றருக்கு 2 மணித்தியாலம். கொள்ளளவு தராத கணக்கென்றால் 1/3 + 1/6 = 1/2 என்று பின்னத்தில் போகலாம், அல்லது பொ.ம.சி எடுத்து தாங்கியில் 6 பங்கு தண்ணீர் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம், பின்னத்துக்குப் பயந்த பிள்ளைக்கு இரண்டாவது வழிதான் லேசு. விடையைச் சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. இரண்டுமே மோட்டர் வேகத்தில் வந்திருந்தால் ஒன்றரை மணித்தியாலம், இரண்டுமே குழாய் வேகத்தில் வந்திருந்தால் 3. உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், வெளியே போனால் திரும்பச் செய்யுங்கள்.

ஆட்கள் செய்யும் வேலைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் கூலி பிரிக்கும்போது புதிதாக ஒரு வழுக்கல் வரும். ஒரு மேசன் தனியே 3 நாளில் கட்டுகிற மதிலை இன்னொருவர் 6 நாளில் கட்டுவார், இருவரும் சேர்ந்து 2 நாளில் முடித்துவிட்டார்கள், கூலி 9000 ரூபாய். 3:6 என்று பிரித்தால் மெதுவாகக் கட்டியவருக்கு 6000 போய்விடும், வேகமாகக் கட்டியவர் சும்மா விடுவாரா? செய்த வேலை 2:1, ஆகவே வேகமானவருக்கு 6000, மற்றவருக்கு 3000.

சரி, இப்போது தாங்கியின் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. மோட்டரும் குழாயும் சேர்ந்து 2 மணித்தியாலத்தில் நிரப்ப வேண்டியதை இப்போது 2.4 மணித்தியாலத்தில் நிரப்புகின்றன. நிறைந்த தாங்கியை ஓட்டை மட்டும் எவ்வளவு நேரத்தில் காலியாக்கும்?

முதலில் அந்த 2.4. அது 2 மணி 40 நிமிடம் இல்லை, 0.4 ஐ 60 ஆல் பெருக்கினால் வருகிற 24 நிமிடம். வழி எல்லாம் சரியாக எழுதிவிட்டு கடைசி வரியில் புள்ளியை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது பெரிய பிழை. 24 நிமிடம் கூடிப்போனதால் ஓட்டையின் கணக்கு அந்த 24 நிமிடம்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், விடையாக 0.4 என்றே எழுதுகிறவர்களும் உண்டு. அது பிந்திய நேரம், அவ்வளவுதான். ஓட்டை எவ்வளவு குடிக்கிறது என்பதை லீற்றரில் பாருங்கள். 1200 ஐ 2.4 ஆல் வகுத்தால் தாங்கியில் மணிக்கு 500 லீற்றர்தான் ஏறியிருக்கிறது, வந்ததோ 600. மீதி 100 லீற்றர் ஓட்டைக்குள்ளால் போய்விட்டது. மணிக்கு 100 என்றால் 1200 லீற்றர் காலியாக 12 மணித்தியாலம்.

இனி அதே ஓட்டையோடு மோட்டரை மட்டும் போடுங்கள். 400 இல் 100 போக 300 ஏறும், 3 மணித்தியால வேலை 4 ஆகிறது, அதாவது ஒரு மணித்தியாலம் பிந்துகிறது. குழாயை மட்டும் விட்டால் 200 இல் 100 போக 100 ஏறும், 6 மணித்தியால வேலை 12 ஆகிவிடும். ஒரே ஓட்டைதான், ஒரு இடத்தில் 24 நிமிடம், ஒரு இடத்தில் ஒரு மணி, இன்னொரு இடத்தில் ஆறு மணி பிந்த வைக்கிறது. வரத்து குறையக் குறைய அதே ஓட்டையின் அடி கூடுதலாக விழும். வரத்தே மணிக்கு 100 லீற்றர் என்றால் விடிய விடியத் திறந்து வைத்தாலும் தாங்கி நிரம்பாது, விடையில் கழித்தல் குறியோ கீழே பூச்சியமோ வந்தால் அதற்கு இதுதான் பொருள், கணக்குப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.

வெவ்வேறு நேரத்தில் திறக்கிற கணக்கும் உண்டு. காலை 6 மணிக்குக் குழாயைத் திறந்து 7 மணிக்கு மோட்டரைப் போட்டால் எப்போது நிரம்பும்? 6 மணியோடு 2.4 ஐக் கூட்டிவிட்டு எழும்பிப் போகக் கூடாது. 7 மணிக்குள் ஏறியது 100 லீற்றர், மீதி 1100, அதை 500 ஆல் வகுத்தால் 2.2 மணித்தியாலம், அதாவது 9 மணி 12 நிமிடம். ஒவ்வொரு கட்டத்திலும் மீதி எவ்வளவு என்று லீற்றரில் பார்த்தால் குழப்பமே வராது.

கேள்வியில் "அடியில்" என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. ஓட்டை சுவரின் நடுவில் இருந்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்கு வரும்வரை அதற்கு வேலை இல்லை. முதல் 600 லீற்றர் ஒரு மணித்தியாலத்தில் ஏறும், அடுத்த 600 லீற்றருக்கு 1.2 மணித்தியாலம், மொத்தம் 2 மணி 12 நிமிடம். நிறைந்த தாங்கி காலியாவதும் பாதியோடு நின்றுவிடும்.

இவ்வளவும் பரீட்சைத் தாங்கிக்கு. வீட்டுத் தாங்கியில் ஓட்டையின் வேகம் ஒரே மாதிரி இருக்காது, மேலே நிற்கிற தண்ணீரின் உயரம் குறைய அதுவும் குறையும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் டொரிசெல்லி சொன்னபடி உயரம் காற்பங்கானால் வெளியேறும் வேகம் பாதியாகும். நேரான சுவர் வைத்த தாங்கி நிறைந்திருக்கும்போது மணிக்கு 100 லீற்றர் விடுகிற ஓட்டை, 12 மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் இன்னும் 300 லீற்றரை உள்ளே வைத்திருக்கும், அப்போது மணிக்கு 50 லீற்றர்தான் விடும், முழுக்கக் காலியாக 24 மணித்தியாலம் ஆகும். மறுபக்கம், வெறுந்தாங்கியை நிரப்பத் தொடங்கும்போது ஓட்டை பெரிதாக ஒன்றும் செய்யாது, அதனால் மோட்டரும் குழாயும் 2.4 மணித்தியாலத்துக்கு முன்னரே நிரப்பிவிடும். மணிக்கு 50 லீற்றர் மட்டும் வருகிற குழாயென்றால் பரீட்சைக் கணக்கின்படி தாங்கி வெறுமையாகவே கிடக்க வேண்டும், வீட்டிலோ தண்ணீர் மெல்ல மெல்ல ஏறிக் காற்பங்கை நெருங்கி அதற்கு மேல் போகாமல் நிற்கும்.