விகிதம் சரியாக இருந்தும் கணக்கு இடறுவது எங்கே?

சென்னையில் வேலைக்குப் போகும் ஒரு தம்பதி, வீட்டுச் செலவைச் சம்பள விகிதப்படி பிரித்துக்கொள்கிறார்கள். கணவருக்குக் கைக்கு வரும் சம்பளம் 75,000 ரூபாய், மனைவிக்கு 45,000. விகிதம் 5:3. வாடகை, மளிகை, கரண்ட் பில், குழந்தையின் பள்ளிச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 64,000 என்றால் அவர் 40,000, இவர் 24,000 பொதுக் கணக்கில் போடுகிறார்கள். மீதி 35,000-ம் 21,000-ம் அவரவர் சொந்தப் பணம். இதுவரை சரி.

முதலில் இடறுவது 75,000 என்ற எண்ணிலேயே. கணவர் விருப்பப் பி.எஃப். என்று மாதம் 10,000 பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள். அது செலவு இல்லை, அவருடைய சேமிப்பு. அதைத் திரும்பக் கூட்டினால் விகிதம் 85-க்கு 45 ஆகிறது. மனைவியின் பங்கு 24,000-லிருந்து சுமார் 22,150 ஆகக் குறைகிறது. வரியும் கட்டாயப் பி.எஃப்.பும் போன பிறகு நிற்கும் தொகையைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். நிறுவனம் மொத்தச் சம்பளமாகச் சொல்லும் சி.டி.சி.யை வைத்தும் கணக்குப் போடக் கூடாது. அதில் கைக்கே வராத பணமும் இருக்கிறது.

அதிகம் பேர் கவனிக்காத தவறு சில்லறைச் செலவு. பால், காய்கறி, குழந்தையின் ஆட்டோ, உறவுக்காரர் வீட்டு மொய். யார் கையில் போன் இருக்கிறதோ அவர் ஜிபேயில் கொடுத்துவிடுகிறார், பெரும்பாலும் மனைவிதான். இப்படி மாதம் 6,000 போனால் வீட்டுச் செலவு உண்மையில் 70,000. அதில் மனைவி தருவது முதலில் சொன்ன 24,000-ம் இந்த 6,000-ம் சேர்த்து 30,000, அதாவது சுமார் 43 சதவீதம். ஒப்புக்கொண்டதோ 37.5. அவருடைய சொந்தப் பணமும் 15,000 ஆகிவிடுகிறது. 'நான்தானே அதிகம் தருகிறேன்' என்று கணவர் நம்பிக்கொண்டிருப்பார். அது பொய்யும் இல்லை. அதனால்தான் இந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை. ஒரே ஒரு மாதம் இருவரும் தங்கள் யுபிஐ பட்டியலை எடுத்து, வீட்டுக்கானதை எல்லாம் குறித்துப் பாருங்கள். அப்புறம் பொதுக் கணக்கின் யுபிஐயை இருவர் போனிலும் போட்டு, காய்கறி வரைக்கும் அதிலிருந்தே கொடுங்கள்.

வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி மாதிரி வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தொகையில் சேர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த மாதம் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் தலையில் விழும்.

வருமானம் மாறும்போது விகிதத்தையும் மாற்றாமல் விடுவது இன்னொன்று. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது மகப்பேறு. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்கு மேல் சம்பளமில்லாமல் நீட்டித்தால் மனைவியின் பங்கு பூஜ்யம். விகிதப்படி அது சரி. ஆனால் அவருடைய சொந்தப் பணமும் பூஜ்யம். ஒரு செருப்பு வாங்கக்கூடக் கேட்க வேண்டிய நிலை. அந்த மாதங்களில் மனைவிக்கென ஒரு தொகையை வீட்டுச் செலவிலேயே ஒரு இனமாக எழுதி, ஒன்றாம் தேதி அவர் கணக்கில் போய்விடும்படி செய்யுங்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதை விடுப்பு தொடங்குவதற்கு முன்பே, இருவரும் சம்பளம் வாங்கும்போதே, பேசி முடித்துவிட வேண்டும்.