வார்த்தையே இல்லாமல் ஓர் ஓவியப் படம் வந்தால்

தெரிந்தவர் ஒருவர் ஓர் ஓவியத்தைப் படம் எடுத்து, ஒன்றும் எழுதாமல் அனுப்புகிறார். உடனே குறை சொல்லத் தொடங்காதீர்கள். படத்தின் ஓரங்களைப் பாருங்கள். பென்சில், ரப்பர் துகள் தெரிந்தால் அநேகமாக அவரே வரைந்தது, கருத்து கேட்கிறார்.

கண்ணாடிச் சட்டமும் அதில் ஃபிளாஷ் வெளிச்சமும் தெரிந்தால், அது என்ன ஓவியம் என்று அறியத்தான் அனுப்பியிருப்பார். தஞ்சாவூர் ஓவியம் போலிருந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் கேளுங்கள். கையால் செய்ததில் சுண்ணப் பூச்சால் மேடாக்கிய நகைகளின் நிழல் விழும். சாதாரண அச்சுப் படத்தில் எல்லாம் தட்டையாக இருக்கும்.

ஓரமே தெரியாத ஸ்கிரீன்ஷாட் என்றால், இதுபோல வரைய ஆசைப்படுகிறார் என்று நினைக்கலாம். அவருக்கு வண்ணச் சேர்க்கையைச் சொன்னால் போதும். குழப்பமாக இருந்தால், "நீங்க வரைஞ்சதா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.