ஆடு புலி ஆட்டம்: ஆடுகளை முதலில் மூலையில் வையுங்கள்

முக்கோணமும் அதன் குறுக்கே ஒரு செவ்வகமும் சேர்ந்த, 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் கட்டத்தைச் சொல்கிறேன். புலி ஆட்டைத் தாண்ட, அதே கோட்டில் ஆட்டுக்குப் பின்னால் காலிப் புள்ளி வேண்டும். மூலையில் கோடு முடிந்துவிடுவதால் அங்கிருக்கும் ஆட்டை வெட்டவே முடியாது. முக்கோணத்தின் உச்சியை விட்டால், செவ்வகத்தின் நான்கு மூலை, அடிக்கோட்டின் இரண்டு முனை என அப்படி ஆறு இடங்கள் உண்டு.

முதல் ஆடுகளை அங்கே வையுங்கள். அப்புறம் அடிக்கோட்டின் நடு இரண்டு, செவ்வகத்தின் பக்கக் கோடுகளின் நடு ஒவ்வொன்று. இந்தப் பத்தும் நகராதவரை புலிக்கு இரை இல்லை.

மீதி ஐந்தும் உள்ளே போகும்போதுதான் ஆபத்து. உள்புள்ளிகளில் கிடைக்கோடு, சாய்கோடு இரண்டும் கடப்பதால் இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். அந்தப் பத்து ஆடுகளின் வேலியை ஒட்டி வைத்தால் ஒரு திசைக்காவது பின்புறம் அடைபட்டிருக்கும்.

புலி ஆடுபவர் தேடுவது இரட்டைக் குறி. இரண்டு ஆடுகளுக்கு நடுவே புலி நிற்கிறது, இரண்டுக்கும் பின்னால் காலி என்றால், ஒரு நகர்த்தலில் ஒன்றைத்தான் அடைக்க முடியும், மற்றது போய்விடும். எல்லா ஆடும் இறங்கிய பிறகும் கவனம் தேவை: நகரும் ஆடு விட்டுப்போகும் புள்ளி, பக்கத்து ஆட்டைத் தாண்டும் புலிக்கு இறங்குமிடமாகிவிடும்.