பார்சல் கிளம்பிவிட்டது, பணம் வரவில்லை: ஆத்தரைசேஷன் காலாவதியில் நடக்கும் தவறுகள்

முன்பு நான் வேலை பார்த்த ஒரு ஆன்லைன் கடையில் நடந்தது இது. 220 டாலர் விலையுள்ள ஒரு மர மேசைக்கு 3ஆம் தேதி காலை ஆர்டர் வந்தது. வழக்கமாக நான்கு நாளில் அனுப்பிவிடுவார்கள், அந்த முறை பலகை வரத் தாமதமாகி 12ஆம் தேதிதான் பார்சல் கிளம்பியது. பார்சலில் லேபிள் ஒட்டியதும் எங்கள் கோட் கேப்சர் செய்யப் போனது, எர்ரர் வந்தது, அது லாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. மேசை போய்ச் சேர்ந்து பல நாள் கழித்து, மாதக் கணக்குப் பார்த்தவர் கேட்ட பிறகுதான் பணமே வரவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

கார்டு எண்ணைப் போட்டு வாடிக்கையாளர் ஆர்டரை உறுதிசெய்யும்போது அவருடைய வங்கி, "சரி, இந்த 220 டாலரை உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்" என்கிறது, அவ்வளவுதான். அதுதான் ஆத்தரைசேஷன். பணம் இன்னும் நகரவில்லை. பிறகு கடை "அதை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதுதான் கேப்சர். பொருளை அனுப்பும்போது பணம் எடுப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கடிகாரம் ஆர்டர் போட்ட நொடியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், பலகை எப்போது வரும் என்பது அதற்குத் தெரியாது.

முதல் தவறு, ஆத்தரைசேஷன் ஆனதையே "பணம் வந்துவிட்டது" என்று டேட்டாபேஸில் எழுதி வைப்பது. எங்கள் ஆர்டர் டேபிளில் `paid` என்று ஒரே ஒரு நிலைதான் இருந்தது. அதைப் பார்த்துக் கிடங்கில் இருப்பவர் பேக் செய்தார், அவர் மேல் தப்பே இல்லை. ஒதுக்கப்பட்டது, எடுக்கப்பட்டது, காலாவதியானது என்று தனித்தனி நிலைகள் இருந்திருந்தால் அவர் அன்றைக்கே கேட்டிருப்பார்.

இரண்டாவது, "ஏழு நாள்" என்று கோடில் ஒரு எண்ணைப் பதித்துவிடுவது. எங்கள் கேட்வே ஸ்ட்ரைப், அங்கே ஆன்லைன் கார்டு ஆர்டருக்குப் பொதுவாக ஏழு நாள் கிடைக்கும். ஆனால் இது கார்டு நிறுவனத்தைப் பொறுத்தும், வாடிக்கையாளர் தானே பக்கத்தில் வந்து உறுதிசெய்தாரா, கடையே அவர் இல்லாதபோது கேட்டதா என்பதைப் பொறுத்தும் மாறும். விசாவில் இரண்டாவது வகைக்கு ஐந்து நாளுக்கும் சற்றுக் குறைவுதான். பேபாலில் கதையே வேறு: ஆத்தரைசேஷன் 29 நாள் வரை உயிரோடு இருக்கும், ஆனால் பணம் கிடைக்கும் என்று அவர்கள் நம்பிக்கை தருவது முதல் மூன்று நாளுக்குத்தான். ஆகவே எண்ணை நாமே கணக்கிடாமல் கேட்வேயிடமே கேட்பது நல்லது. ஸ்ட்ரைப் அந்தக் கெடு நேரத்தை யூனிக்ஸ் நேரமாக, விநாடிக் கணக்கில் தருகிறது:

```js
const pi = await stripe.paymentIntents.retrieve(id, {
  expand: ['latest_charge'],
});
const deadline =
  pi.latest_charge.payment_method_details.card.capture_before;
```

இதை ஆர்டரோடு சேர்த்து வைத்து, கெடுவுக்கு 24 மணி நேரம் முன்னால் ஒரு ஜாப் ஓடி, இன்னும் அனுப்பப்படாத ஆர்டர்களைப் பொறுக்கி எடுக்கட்டும். கெடு தாண்டினால் பேமென்ட் `requires_capture` நிலையிலிருந்து `canceled` ஆகும், `payment_intent.canceled` என்ற வெப்ஹூக்கும் வரும். எங்களுக்கும் அது 10ஆம் தேதியே வந்திருந்தது, பார்சல் கிளம்ப இரண்டு நாள் முன்னால்! அதைக் கேட்க எந்த கோடும் இல்லை. ரத்தான பேமென்டைக் கேப்சர் செய்யப் போனால் `payment_intent_unexpected_state` என்ற எர்ரர்தான் திரும்பி வரும்.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அதைத் தவிர்ப்பது அவ்வளவு சுலபம்: அனுப்பிவிட்டுப் பணம் எடுப்பது. எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். பேக் செய்து முடித்து, கூரியர் ஆள் வரும் முன் கேப்சர் ஓட வேண்டும், அது வெற்றி என்று பதில் வந்தால்தான் லேபிள் அச்சாக வேண்டும். இடையில் இருப்பது சில விநாடிகள். தோற்றால் மேசை இன்னும் உங்கள் கிடங்கில் இருக்கும், பேசித் தீர்க்க வழி இருக்கும். சில வங்கி இணைப்புகளில் காலாவதியான பிறகும் கேப்சர் போய்விடுவதுண்டு, அதை வெற்றி என்று நம்பவேண்டாம். செல்லுபடியாகும் ஆத்தரைசேஷன் இல்லை என்று காரணம் காட்டி வாடிக்கையாளரின் வங்கி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும்.

சரி, தாமதம் என்று தெரிந்துவிட்டது. அப்போது பலர் செய்வது, சேமித்து வைத்த கார்டில் சத்தமில்லாமல் இன்னொரு ஆத்தரைசேஷன் போடுவது. பழையதை ரத்து செய்யாமல் இதைச் செய்தால் வாடிக்கையாளரின் கணக்கில் ஒரே நேரத்தில் 440 டாலர் முடங்கும். டெபிட் கார்டு என்றால் அது அவருடைய வீட்டு வாடகையாகக்கூட இருக்கலாம். பழையதை ரத்து செய்த பிறகு போட்டாலும், அவர் எதிரில் இல்லாததால் வங்கி `authentication_required` என்று மறுக்கலாம், அல்லது பணம் வேறு செலவுக்குப் போய் `insufficient_funds` என்று வரலாம். அப்புறம், அந்தக் கார்டைப் பின்னால் பயன்படுத்துவோம் என்று முதல் ஆர்டரின்போதே அவரிடம் சொல்லி, சம்மதத்தோடு சேமித்திருக்க வேண்டும். ஸ்ட்ரைப்பில் அதற்கு `setup_future_usage: 'off_session'`.

நாங்கள் பிறகு மாற்றிய வழி இது. கெடுவுக்குள் அனுப்ப முடியாது என்று தெரிந்த அன்றே பழைய ஆத்தரைசேஷனை ரத்து செய்து அவருடைய பணத்தை விடுவிப்போம். தாமதத்தைச் சொல்லும் அதே மெயிலில் புதிய தேதி, "இப்போது உங்கள் பணம் எதையும் பிடித்து வைக்கவில்லை, அனுப்புவதற்கு முந்தைய நாள் மறுபடி கேட்போம்" என்ற வரி, வேண்டாமென்றால் ரத்து செய்ய ஒரு இணைப்பு மூன்றும் இருக்கும். அமெரிக்காவில் விற்றால், சொன்ன தேதிக்குள் அனுப்ப முடியாதபோது தாமதத்தைச் சொல்லி ரத்து செய்யும் வாய்ப்பைத் தருவது அங்குள்ள வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதிப்படியே கட்டாயம், எப்படியும் எழுதவேண்டிய மெயில்தான் அது. அனுப்புவதற்கு முந்தைய நாள் புதிய ஆத்தரைசேஷன். வங்கி மறுத்தால் அவரே உறுதிசெய்ய ஒரு பக்கம் போகும். ஆர்டரின்மேல் செய்து தரும் பொருள்களுக்கு முதலில் கார்டை மட்டும் சேமித்துவிட்டு, பணத்தைக் கடைசியில் கேட்பதே மேல்.

வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். ஆப்பில் "பெண்டிங்" என்று தெரிந்த தொகை ஒரு வாரத்தில் காணாமல் போனால் அது ரீஃபண்ட் இல்லை, ஆர்டர் ரத்தானதாகவும் அர்த்தமில்லை. பணம் எடுக்கப்படவே இல்லாததால் ஸ்டேட்மென்டில் திரும்பி வந்ததாக வரியும் இருக்காது. பொருள் இன்னும் வரவேண்டியிருந்தால் அந்தத் தொகையைச் செலவழித்துவிடாதீர்கள், மறுபடி கேட்பார்கள்.

இன்னொன்று, ஒரே கடையின் பெயரில் ஒரே தொகை இரண்டு முறை தெரிந்தால் உடனே வங்கியில் டிஸ்ப்யூட் போடவேண்டாம். இரண்டும் பெண்டிங்கா, ஒன்றிலாவது பணம் உண்மையிலேயே எடுக்கப்பட்டு போஸ்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடை ரத்து செய்த பிறகும் சில வங்கிகள் சில நாள் அந்தப் பிடிப்பை விடாமல் வைத்திருக்கும். கடையிடம் எந்தத் தேதியில் ரத்து செய்தார்கள் என்று எழுத்தில் வாங்கி, அதைக் காட்டி வங்கியில் கேட்டால் விடுவிக்கச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும். இரண்டுமே போஸ்ட் ஆகி, கடை பதில் சொல்லவில்லையா, அப்போது டிஸ்ப்யூட் போடுங்கள்.