போனில் எடுத்த வரைபடத்திலிருந்து கண்மாயின் பரப்பைக் கணக்கிடுவது

மதுரைப் பக்கத்து நில வரைபடத்தாள் ஒன்றை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் நீல நிறத்தில் ஒரு கண்மாய் தெரிகிறது. அது எத்தனை ஏக்கர் என்று வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

தாளின் ஓரத்தில் 1:50,000 என்று அச்சிட்டிருப்பார்கள். அது தாளுக்குத்தான் பொருந்தும், உங்கள் போட்டோவுக்கு அல்ல. தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.; ஆனால் போட்டோவைத் திரையில் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், அப்போது செ.மீ. கணக்குக்கு அர்த்தமே இல்லை. நம்பக்கூடியது தாளின் அடியில் கோடாக வரைந்திருக்கும் அளவுகோல்தான். படம் எவ்வளவு சுருங்கினாலும் அதுவும் கூடவே சுருங்கும். அதனால் படம் எடுக்கும்போது கண்மாயும் அளவுகோலும் ஒரே படத்தில் வர வேண்டும். தனித்தனியாக எடுத்து ஒட்டிப் பார்ப்பது வேண்டாம்.

தாளை மடிப்பு நீவித் தட்டையாக விரித்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். மிக அருகில் போனால் ஓரங்கள் வளையும். கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுப்பது நல்லது.

படம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தாளில் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் 5 நிமிட இடைவெளியில் கட்டம் போட்டிருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில், ஏறக்குறைய 10 டிகிரியில் இருப்பதால், அந்தக் கட்டம் கிட்டத்தட்டச் சதுரம்: உயரம் சுமார் 9.2 கி.மீ., அகலம் சுமார் 9.1 கி.மீ. போட்டோவில் ஒரு பக்கம் குறுகி எதிர்ப்பக்கம் விரிந்திருந்தால் போன் சாய்ந்திருக்கிறது. மறுபடி எடுத்துவிடுங்கள், திருத்துவதைவிட அது சுலபம்.

இப்போது படத்தைக் கணினிக்கு மாற்றி, `GIMP` என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, `Measure` கருவியால் அளவுகோலின் 2 கி.மீ. நீளத்தை அளங்கள். 500 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2000 மீட்டரை 500 ஆல் வகுத்தால், ஒரு பிக்சல் 4 மீட்டர். அப்புறம் அந்த 9.2 கி.மீ. உயரத்தையும் அளந்து பாருங்கள். சுமார் 2300 பிக்சல் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், படம் சாயாத பட்சத்தில், நீளமான அளவையே நம்புங்கள். 10 பிக்சல் பிசகினால் 500இல் அது 2 சதவீதம். 2300இல் அரை சதவீதம்கூட இல்லை.

இனி பரப்பை எண்ண, படத்தின் மேல் சின்னக் கட்டங்கள் போட வேண்டும். கட்டத்தின் பக்கம் 100 மீட்டராக இருந்தால் கணக்கு எளிது, ஒரு கட்டம் சரியாக ஒரு ஹெக்டேர். 100 மீட்டருக்கு 25 பிக்சல். `Image > Configure Grid` போய், `Spacing`-இல் இரண்டு பக்கமும் 25 என்று கொடுங்கள். பிறகு `View > Show Grid`.

கண்மாய்க்குள் முழுதாக அடங்கும் கட்டங்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுங்கள். கரைக்கோடு வெட்டும் கட்டங்களைத் தனியாக எண்ணி, ஒவ்வொன்றையும் அரையாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கட்டம் 139, வெட்டுப்பட்டது 64 என்றால்:

```
139 + 64/2 = 171 ஹெக்டேர்
171 × 2.471 = சுமார் 423 ஏக்கர்
```

எல்லாவற்றையும் அரை என்று எடுப்பது சரியா? சிலது முக்கால் இருக்கும், சிலது கால் இருக்கும். அறுபது கட்டம் சேரும்போது பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் `Configure Grid`-இல் `Offset`-ஐ 12 என்று மாற்றி மறுபடி எண்ணுங்கள். இரண்டு தடவையும் இரண்டு மூன்று ஹெக்டேருக்குள் வந்தால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வித்தியாசம் வந்தால் எண்ணுவதில் எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

ஆனால் அளவுகோலில் செய்த பிழையை இந்த மறுஎண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. நீளத்தில் 2 சதவீதப் பிழை பரப்பில் 4 சதவீதமாகிவிடும். நம் கண்மாயில் அது ஏறக்குறைய 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கர். எண்ணும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அளவுகோலை மூன்று முறை அளப்பது மேல்.

கண்மாய்க்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. மண்கரை உள்ள பக்கம் எல்லை தெளிவாக இருக்கும். தண்ணீர் வந்து சேரும் பக்கம் ஆழமில்லாமல் பரந்து கிடப்பதால், கோடு எங்கே முடிகிறது என்பது வரைந்தவரின் தீர்மானம். வெயில் காலத்தில் நேரில் போனால் அதில் பாதிகூடத் தண்ணீர் இருக்காது. ஊரில் சொல்லும் ஆயக்கட்டு ஏக்கரோடும் இதை ஒப்பிடாதீர்கள். அது பாசனம் பெறும் வயலின் கணக்கு.

அழகர்மலைக் காட்டுக்கும் இதே முறைதான். ஆனால் பச்சை நிறம் ஓர் எல்லை, காப்புக்காட்டின் புள்ளிக்கோடு வேறோர் எல்லை; எதை அளக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கிடைப்பது மேலிருந்து பார்க்கும் தட்டையான பரப்பு மட்டும், மலைச்சரிவின் கூடுதல் பரப்பு இதில் சேராது.